நேராக நடப்பதாக நினைத்து வட்டமடிப்பது ஏன்: திறந்த வெளியில் நீங்களே சோதித்து அறியும் முறை

பனிமூட்டத்திலோ அடர்காட்டிலோ வழி தவறியவர் பல மணி நேரம் நடந்து, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்வது கட்டுக்கதையன்று. இதன் காரணத்தைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, ஒரு வறண்ட ஏரிப்படுகையில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து, தன் தடத்தைத் தானே தாளில் வரைந்து பார்ப்பவர் எளிதாகப் புரிந்துகொள்கிறார். மாணவர்களுடனும் மலையேற்றத்திற்குப் புதியவர்களுடனும் இச்சோதனையைப் பலமுறை செய்ததில், எந்தப் படியில் அவர்கள் தவறுகிறார்கள் என்பது எனக்கு ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டது. படிகளின் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். வரிசை மாறினால் விடை கிடைக்கும், ஆனால் தவறான விடை கிடைக்கும்.

1. இடத்தையும் நேரத்தையும் முதலில் தேர்ந்தெடுத்தல்

எல்லாத் திசையிலும் குறைந்தது 200 மீட்டர் விரிந்த, கிணறும் குழியும் முள்ளும் இல்லாத சமதளம் தேவை. வறண்ட ஏரிப்படுகையோ அறுவடை முடிந்து உழாத பெரிய வயல்வெளியோ பொருந்தும். விளையாட்டுத் திடல்கள் பெரும்பாலும் சிறியவை. வளைவு முழுமையாவதற்குள் சுவர் குறுக்கிட்டுவிடும். உழுத நிலமும் கூடாது. சால் வரிகள் பாதத்திற்குத் தண்டவாளம்போல வழிகாட்டிவிடும்.

இடத்தைவிட நேரம்தான் பலரை ஏமாற்றுகிறது. காலை எட்டு மணி வெயிலில் கண்ணைக் கட்டி நடப்பவரின் ஒரு கன்னத்தில் வெயில் உறைக்கும். அந்தச் சூட்டை அதே கன்னத்தில் வைத்துக்கொண்டு, தான் அப்படிச் செய்வதை அறியாமலேயே, அவர் ஓரளவு நேராகப் போய்விடுவார். சீராக வீசும் காற்றும், கோயில் ஒலிபெருக்கியும், ஒரு பக்கத்தில் மட்டும் ஓடும் நெடுஞ்சாலையின் இரைச்சலும் இதே உதவியைச் செய்யும். நாம் அறிய விரும்புவது வெளி உதவி எதுவும் இல்லாதபோது உடல் என்ன செய்கிறது என்பதை ஆதலால், மேகம் மூடிய, காற்று அடங்கிய நாளைத் தேர்ந்தெடுங்கள்.

2. கருவிகளும் ஆட்களும்

கண்கட்டுக்குக் கறுப்புப் பருத்தித் துணியை நான்காக மடித்துக் கட்டுவதற்கு முன், இரு கண்கள்மீதும் பஞ்சை வைக்க வேண்டும். மூக்கின் இருபுறமும் உள்ள இடைவெளி வழியே தரை தெரிவதுதான் மிகப் பரவலான குறை. நடப்பவர் தலையைச் சற்று நிமிர்த்தி நடந்தால் அவர் எட்டிப் பார்க்கிறார் என்று கொள்ளலாம். காதுகளுக்கும் பஞ்சு வையுங்கள்.

தடத்தைப் பதிய ஒரு கிண்ணம் கோலமாவு போதும். உதவியாளர் ஒருவர் நடப்பவரின் நேர்ப்பின்னால் ஐந்தாறு காலடி தள்ளி வந்து, அவருடைய ஒவ்வொரு பத்தாவது காலடியிலும் ஒரு சிட்டிகை மாவு இட வேண்டும். பக்கவாட்டில் நடந்தால் அவருடைய காலடி ஓசையே நடப்பவருக்குத் திசைக்குறி ஆகிவிடும். கைப்பேசியின் ஜிபிஎஸ் தடப்பதிவு செயலியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அது சில மீட்டர் பிழையோடு இடம் காட்டுவதால், 20 அல்லது 30 மீட்டர் அகல வளையத்தைக் குழப்பமான கிறுக்கலாக்கிவிடுகிறது. நீண்ட காட்டுநடைக்கு அது சரி, இதற்கு மாவுதான் சரி.

இவை தவிர ஒரு திசைகாட்டி, கோணமானி, அளவுகோல், வரைதாள், ஒரு நாணயம் ஆகியவை வேண்டும். நடப்பவரின் சராசரி காலடி நீளத்தையும் முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள்: 50 காலடி நடந்த தொலைவை 50ஆல் வகுத்தால் போதும். கீழே வரும் கணக்குகளில் அது 70 செ.மீ. என்று கொள்ளப்பட்டுள்ளது.

3. கண்ணைக் கட்டி நடத்தல்

தொலைவில் ஒரு பனைமரத்தைக் காட்டி, அதை நோக்கி முதல் 20 காலடிகளைத் திறந்த கண்ணோடு நடக்கச் சொல்லுங்கள். பிறகு நிறுத்தி, நின்ற நிலையிலேயே கண்ணைக் கட்டி, அதே திசையில் 300 காலடி தொடரச் செய்யுங்கள். கண்ணாமூச்சி ஆட்டத்தில் செய்வதுபோல ஆளைச் சுழற்றிவிடக் கூடாது. சுழற்றினால் உட்செவி தடுமாறி அதன் விளைவு தடத்தில் கலந்துவிடும். சரியான திசையோடு தொடங்கியவரும் அதை எப்படி இழக்கிறார் என்பதே நம் கேள்வி.

நடை இயல்பான வேகத்தில் இருக்க வேண்டும். முதல் முறை கண்ணைக் கட்டியவர்கள் காலால் தரையைத் தடவித் தடவி நடப்பார்கள், அந்த நடையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உதவியாளர் ஆபத்து இருந்தாலொழியப் பேசக் கூடாது, "கொஞ்சம் இடப்பக்கம் போறீங்க" என்ற ஒரு சொல் அந்த நடையைப் பாழாக்கிவிடும்.

300ஆவது காலடியில் நிறுத்தி, கண்கட்டை அவிழ்ப்பதற்கு முன், புறப்பட்ட இடம் எந்தப் பக்கம் என்று கையால் காட்டச் சொல்லுங்கள். இந்தப் படியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். கால் வளைந்தது மட்டுமல்லாமல், அந்த வளைவு மனத்துக்கு எட்டவே இல்லை என்பதற்கு இதைத் தவிர வேறு சான்று கிடைக்காது.

ஒவ்வொருவரும் குறைந்தது நான்கு முறை, ஒவ்வொரு முறையும் வேறு திசையில் தொடங்கி நடக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தரைச்சரிவு எல்லோரையும் ஒரே பக்கம் இழுத்தால், திசையை மாற்றும்போதுதான் அது வெளிப்படும்.

4. தடத்தைத் தாளில் வரைதல்

முதல் மாவுப்புள்ளியில் நின்று அடுத்த புள்ளியின் திசையைத் திசைகாட்டியால் பாகையில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டாம் புள்ளிக்குச் சென்று மூன்றாவதைப் பாருங்கள். பத்துக் காலடி 7 மீட்டர் ஆதலால், தாளில் 1 செ.மீ. கோட்டை 7 மீட்டராகக் கொண்டு, குறித்த திசைகளில் ஒவ்வொரு கோடாக வரைந்தால் தடம் உருவாகும். நில அளவையர் எல்லை வரையும் முறையின் எளிய வடிவமே இது.

ஒரு கல்லூரி மாணவரின் முதல் நடையிலிருந்து பத்துத் திசைகளை இங்கே தருகிறேன். அவர் கிழக்கு நோக்கி, அதாவது 90 பாகையில் தொடங்கினார்: 90, 91, 95, 103, 116, 133, 155, 180, 207, 236. நூறாவது காலடியை அவர் வைத்தபோது ஏறக்குறைய தென்மேற்கு நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

இந்த எண்களை வெறுமனே பார்ப்பதோடு நிற்காமல், ஒவ்வொன்றிலிருந்தும் முந்தையதைக் கழித்துப் பாருங்கள்: 1, 4, 8, 13, 17, 22, 25, 27, 29. அவர் எந்த இடத்திலும் சட்டெனத் திரும்பவில்லை. திரும்பும் அளவுதான் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. வட்டத்திற்கான காரணம் இந்த இரண்டாம் வரிசையில் இருக்கிறது. தடத்தின் படத்தை மட்டும் பார்த்துவிட்டு இந்தக் கழித்தலைச் செய்யாதவர்கள் "வலது பக்கம் இழுக்கிறது" என்ற மேலோட்டமான முடிவோடு நின்றுவிடுகிறார்கள்.

பத்துக் காலடிக்கு 29 பாகை என்ற அளவு அப்படியே தொடர்ந்தால், சுமார் 124 காலடியில், அதாவது 87 மீட்டரில், ஒரு வட்டம் மூடும்; அதன் விட்டம் ஏறத்தாழ 28 மீட்டர். அவருடைய தடம் இதே அளவில்தான் தொடர்ந்தது. தன் மாவுப்புள்ளிகளைத் தானே குறுக்காகக் கடந்தார். நிறுத்திக் கேட்டபோது, "நேராத்தான் சார் வந்தேன், பனைமரம் பக்கத்துல வந்திருக்கணும்" என்று சொல்லி, புறப்பட்ட இடத்தைக் காட்ட நேர்ப்பின்னால் கையை நீட்டினார். புறப்பட்ட இடமோ அவருடைய இடப்பக்கம் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

காலடிக்கு மூன்று பாகை என்பது எவ்வளவு சிறியது என்பதையும் தரையில் காட்டுவது நல்லது. 70 செ.மீ. காலடியில் அது பாதத்தை 4 செ.மீ.க்கும் குறைவாகத்தான் பக்கவாட்டில் தள்ளும். செருப்பின் பாதி அகலம்கூட இல்லை. காலடிக்கு நான்கு பாகை திரும்பினால் 90 காலடியில் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டம் மூடிவிடும்.

5. காலின்மீது பழி போடுவதற்கு முன்

இந்த இடத்தில் யாராவது ஒருவர், வலக்கால் வலுவானது அல்லது நீளமானது, அதனால்தான் வளைகிறது என்று சொல்லியே தீருவார். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இந்த விளக்கத்தைச் சோதிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கால் நீளம் காரணமானால் அதிலிருந்து இரண்டு முடிவுகள் வந்தாக வேண்டும்: ஒருவர் எப்போதும் ஒரே பக்கம்தான் வளைய வேண்டும், வட்டமும் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். நான்கு நடைகளின் தாள்களையும் அடுக்கிப் பாருங்கள். மேற்சொன்ன மாணவர் மூன்றாம் நடையில் இடப்பக்கம் வளைந்தார்; இரண்டாம் நடையிலோ நூற்றைம்பது காலடி வரை வலப்பக்கம் சாய்ந்து, பிறகு இடப்பக்கம் திரும்பினார். ஒரே நடையில் பக்கம் மாறுவதைக் கால் நீளத்தால் விளக்க முடியாது, நடுவழியில் கால் வளர்வதில்லையே.

இதை ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் உயிர்ச்செயல் கட்டுப்பாட்டியல் நிறுவனத்தைச் சேர்ந்த யான் சௌமன் குழுவினர் முறையாகச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். கண்ணைக் கட்டிப் பெரிய வெளியில் நீண்ட நேரம் நடந்த 15 பேரில் பெரும்பாலோர் சில நேரம் இடமாகவும் சில நேரம் வலமாகவும் வளைந்தார்கள். சில வளையங்களின் விட்டம் 20 மீட்டர்வரை சுருங்கியது. காலின் நீளத்திற்கோ வலுவுக்கோ வளையும் பக்கத்தோடு தொடர்பு காணப்படவில்லை. சராசரியாகப் பார்த்தால், எவ்வளவு நேரம் நடந்தாலும் அவர்கள் புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 100 மீட்டருக்கு மேல் விலகவில்லை.

உங்கள் குழுவில் யாரேனும் ஒருவர் நான்கு முறையும் ஒரே பக்கம் வளைந்தால் வியக்க வேண்டாம். சிலருக்கு அப்படி ஒரு சாய்வு உண்டு. ஆனால் நான்கு நடை அதை உறுதி செய்யப் போதாது. பூவா தலையா போட்டால்கூட எட்டில் ஒரு முறை நான்கும் ஒன்றாக விழும்.

6. நாணயத்தால் காரணத்தைக் காணுதல்

இப்போது நிழலில் உட்கார்ந்து செய்யும் படி. இதை நடைக்கு முன் செய்தால் வெறும் விளையாட்டாகத் தோன்றும், தாளில் தன் தடத்தைப் பார்த்த பிறகு செய்தால்தான் உறைக்கும்.

உடலிடம் "நேர் முன்" என்று ஓர் உணர்வு இருக்கிறது. உட்செவியின் அரைவட்டக் குழல்களும், பாதம், மூட்டு, தசை ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகளும் சேர்ந்து அதை உருவாக்குகின்றன. இவற்றுள் எதுவும் துல்லியமன்று, ஒவ்வொரு காலடியிலும் ஒரு சிறு பிழை எங்காவது நுழைகிறது. கேள்வி, அந்தப் பிழை எங்கே சேர்கிறது என்பதே. அதற்கு இரண்டு விதிகளை வைத்து வரைந்து பார்க்கலாம்.

முதல் விதியில், தலை விழுந்தால் 5 பாகை வலமும் பூ விழுந்தால் 5 பாகை இடமும் திரும்பி 1 செ.மீ. கோடு வரைய வேண்டும். இரண்டாம் விதியில், நாணயம் நேரடியாகத் திருப்புவதில்லை. "சாய்வு" என்ற ஓர் எண்ணைத் தனியே எழுதி வைத்து, தலை விழுந்தால் அதில் 5 கூட்டி, பூ விழுந்தால் 5 கழித்து, ஒவ்வொரு முறையும் அந்தச் சாய்வின் அளவுக்குத் திரும்ப வேண்டும்.

பத்து முறை சுண்டியதில் தலை, தலை, பூ, தலை, தலை, தலை, பூ, தலை, பூ, தலை என்று விழுந்ததாகக் கொள்வோம். முதல் விதிப்படி ஏழு வலத்தில் மூன்று இடம் கழிந்து, மொத்தம் 20 பாகைதான் திரும்பியிருப்பீர்கள். கோடு நெளிந்தாலும் முன்னோக்கியே போகிறது. இரண்டாம் விதிப்படி சாய்வு 5, 10, 5, 10, 15, 20, 15, 20, 15, 20 என்று வரும். அவற்றைக் கூட்டினால் 135 பாகை. அதே நாணயம், அதே பத்துச் சுண்டல், ஆனால் கோடு பின்னோக்கித் திரும்பத் தொடங்கிவிட்டது. பூ விழுந்தபோதுகூட வலப்பக்கம் திரும்புவது நிற்கவில்லை, குறைந்தது மட்டுமே.

மாணவரின் கழித்தல் வரிசையோடு இதை ஒப்பிட்டால், நம் கால்கள் எந்த விதிப்படி நடக்கின்றன என்பது தெரியும். பிழை, காலடியில் மட்டும் சேரவில்லை. "நேர்" என்பது எது என்ற உணர்விலேயே சேர்கிறது. அந்த உணர்வு சற்றே வலம் நகர்ந்துவிட்டால், அதன்பின் வைக்கும் ஒவ்வொரு காலடியும் சரியாக வைக்கப்பட்டாலும் வலம் திரும்பியபடியே இருக்கும். சாய்வு சுழியத்திற்கு அருகில் அலையும் வரை நடை நேராகத் தோன்றும். ஒரு பக்கம் ஒதுங்கி அங்கேயே தங்கினால் வட்டம் உண்டாகும். சுழியத்தைக் கடந்து மறுபக்கம் போனால் வட்டத்தின் பக்கமும் மாறும். மேற்சொன்ன டூபிங்கன் குழுவினரும் இதைத்தான் காரணமாகக் கருதுகிறார்கள்.

ஏன் உடல் இதைத் திருத்திக்கொள்ளவில்லை? அரைவட்டக் குழல்கள் சுழற்சியின் வேகம் மாறுவதைத்தான் நன்றாக உணர்கின்றன. மெல்லத் தொடங்கி ஒரே சீராக நீடிக்கும் திருப்பத்தில் அவற்றின் எச்சரிக்கை மங்கிவிடுகிறது. வெளியிலிருந்து ஒரு குறி வந்து "நேர் இதுவன்று" என்று சொன்னாலொழிய, நகர்ந்துபோன உணர்வைத் தவறென்று சொல்ல உள்ளே வேறு அளவுகோல் இல்லை.

7. கண் திறந்திருந்தாலும் வட்டம் வருவது

"கண்ணைக் கட்டினால் சரி, காட்டில் கண் திறந்துதானே இருக்கிறது" என்பது அடுத்த ஐயம். அதே குழுவினர் ஜெர்மனியின் பீன்வால்ட் என்னும் சமதளக் காட்டில் ஆறு பேரைப் பல மணி நேரம் நடக்கவிட்டார்கள். மேகம் மூடிய நாளில் நடந்த நால்வரும் வட்டமடித்தார்கள். அவர்களுள் மூவர் தம் பழைய தடத்தைத் தாமே கடந்ததைக் கவனிக்கவும் இல்லை. வெயில் தெரிந்தபோது நடந்த இருவர், சூரியன் மேகத்துள் இருந்த தொடக்கச் சிறுபொழுதைத் தவிர, ஏறக்குறைய நேராகவே போனார்கள். துனீசியப் பகுதி சகாராவில் இரவில் நடந்த ஒருவர் நிலா தெரிந்தவரை நேராகப் போய், அது மேகத்துள் மறைந்ததும் திரும்பித் திரும்பி, வந்த திசையிலேயே நடக்கத் தொடங்கிவிட்டார்.

காட்டில் ஆயிரம் மரங்கள் இருந்தும் அவை அடையாளமாவதில்லை. பக்கத்து மரம் அதை அடையும் வரை மட்டுமே உதவுகிறது. அடைந்ததும் அடுத்த மரத்தைத் தேர்ந்தெடுப்பது, நகர்ந்துபோன அந்த "நேர் முன்" உணர்வுதான். சூரியனும் நிலாவும் தொலைமலையும், நாம் நடந்தாலும் எளிதில் இடம் மாறாமல் நின்று சாய்வைச் சுழியத்திற்குத் திருப்பிக்கொண்டே இருக்கின்றன. நம் ஊரில் கோடைக்கால நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்பதால் அந்த ஒன்றிரண்டு மணி நேரம் இந்த உதவி கிடைக்காது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

8. சாய்வு சேராமல் தடுத்து மீண்டும் நடத்தல்

வழி தவறியவர் யாரேனும் தேடி வருவார்கள் என்ற நிலையில் இருந்தால் நடக்காமல் அங்கேயே இருப்பதுதான் சரி. நடந்தே ஆக வேண்டுமானால் பின்வருமாறு செய்யலாம்; இதை முதலில் திறந்த வெளியில் பழகுங்கள்.

புறப்படும் இடத்தில் ஒரு குச்சியையும், சில மீட்டர் முன்னால் இன்னொன்றையும் நடுங்கள். மேலும் சில மீட்டர் போய்த் திரும்பிப் பார்த்து, இரண்டு குச்சிகளும் ஒன்றையொன்று மறைக்கும் இடத்தில் மூன்றாவதை நடுங்கள். பிறகு முதல் குச்சியைப் பிடுங்கி வந்து நான்காவதாக நடலாம். காட்டில் குச்சிக்குப் பதில் மரங்களையே இவ்வாறு வரிசைப்படுத்தலாம். புதியவர்கள் முன்னால் உள்ள மரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு இம்முறை பயனற்றது என்கிறார்கள். பின்னால் திரும்பிப் பார்ப்பதில்தான் இதன் பயன் முழுவதும் இருக்கிறது: புதிய திசையை உணர்வு முடிவு செய்யாமல், ஏற்கெனவே நட்ட இரு புள்ளிகள் முடிவு செய்கின்றன. குச்சி நடுவதில் பிழை வந்தாலும் அது முதல் விதிப்படி சிறு நெளிவாகவே நின்றுவிடும்.

திசைகாட்டி கையில் இருப்பவர்கள் அதை அரை மணிக்கு ஒருமுறை பார்ப்பது பெருந்தவறு. காலடிக்கு நான்கு பாகை என்ற மோசமான நிலையில் 20 காலடிக்குள் 80 பாகை திரும்பிவிடலாம். அடர்மூடுபனியில் 20 காலடிக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

கடைசியாக, 100 காலடிக்கு ஒரு குறி இட்டு, அதில் எண்ணும் எழுதிக்கொண்டே போங்கள். ஒன்பதாம் குறியை இடும் வேளையில் மூன்றாம் குறி எதிர்ப்பட்டால், 600 காலடியில், அதாவது 420 மீட்டரில், ஒரு வளையம் மூடியிருக்கிறது. அதன் அகலம் ஏறக்குறைய 134 மீட்டர். உங்கள் சராசரித் திருப்பம் காலடிக்கு 0.6 பாகை மட்டுமே. எண் இடாமல் வெறும் குறி மட்டும் இட்டவருக்கு, தாம் சுற்றுகிறோம் என்பது தெரியும்; எங்கிருந்து சுற்றத் தொடங்கினோம், எந்தக் குறிவரை திரும்பிப் போனால் போதும் என்பது தெரியாது.